மாடித் தோட்டத்துக்கு ஒரு பஞ்சாங்கம்

சென்னையில் மாடித் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது தக்காளியிடம்தான். பொங்கல் முடிந்த கையோடு விதை போடுகிறார்கள். செடி மளமளவென்று வளர்கிறது. பங்குனி பிறந்ததும் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. மலர்ந்த இரண்டு மூன்று நாளில் பூக்கள் காம்போடு முறிந்து விழுகின்றன. தண்ணீரைக் கூட்டிப் பார்க்கிறார்கள், உரம் வைத்துப் பார்க்கிறார்கள், விதைக் கடைக்காரரிடம் போய்க் கேட்கிறார்கள். சித்திரை பிறக்கும்போது செடி இடுப்பு உயரம் நிற்கிறது. காய் மட்டும் இல்லை.

விதையிலும் மண்ணிலும் குறை தேட வேண்டியதில்லை. குறை பூத்த நாளில் இருக்கிறது. தக்காளிப் பூ காயாக மாற வேண்டுமானால் இரவு குளிர்ந்திருக்க வேண்டும். 16 முதல் 21 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. ஓரிரு டிகிரி கூடினாலும் சமாளித்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் மகரந்தம் வீரியம் இழந்து, கருவுறாத பூ உதிர்ந்துவிடும். சென்னையில் மார்கழி, தை, மாசி இரவுகள்தான் 21, 22 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. பங்குனியில் அது 24-ஐ எட்டுகிறது, வைகாசியில் 27-ஐயும் தாண்டுகிறது. கடற்கரை ஈரப்பதத்தால் பகல் வெப்பம் இரவிலும் தணிவதில்லை. பகல் முழுக்கச் சூடேறிய காங்கிரீட் தளம் இரவில் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுப்பதால், தரையில் நிற்கும் செடியைவிட மாடிச் செடிக்குச் சோதனை அதிகம்.

இந்த நகரத்துக்கான நடவு நாட்காட்டி முழுவதும் ஒரே ஒரு கேள்வியிலிருந்து பிறக்கிறது: இந்தச் செடி எந்த மாதத்தில் பூக்க வேண்டும்? அதற்கு விடை தெரிந்தால் பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் கண்டுபிடித்துவிடலாம்.

மாடியின் நான்கு காலங்கள்

சென்னை மாடிக்கு ஆண்டு நான்காகப் பிரிகிறது. ஆனிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை மாலை நேரத்தில் இடி மழை வந்து போகும் காலம். வெயில் இருக்கும், ஆனால் உச்சத்திலிருந்து இறங்கியிருக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. மார்கழி, தை, மாசி மூன்றும் தோட்டக்காரரின் பொற்காலம். பங்குனியிலிருந்து ஆனி வரை வெயில் காலம். நடுவில் கத்திரி வெயில்.

தமிழ் மாதங்களிலேயே கணக்கு வைப்பது வசதி. பட்டங்களின் பெயர்கள் எல்லாம் தமிழ் மாதங்களில்தான் இருக்கின்றன. விதை விற்பவரும், கிராமத்தில் இருக்கும் சித்தப்பாவும் அதே மொழியில்தான் பேசுவார்கள்.

முதல் பையை நிரப்பும் முன்

அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவானது. எந்த இடம், எத்தனை பை, தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து என்று எழுதிக் கொடுத்து, குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. 15 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள ஒரு குரோ பேக்கை முக்கால் அளவு நிரப்பினால், நனைந்த நிலையில் 30 முதல் 35 கிலோ இருக்கும். மனிதர்கள் நடமாடும் மொட்டை மாடி சதுர மீட்டருக்கு 150 கிலோவாவது தாங்க வேண்டும் என்பது இந்தியக் கட்டடத் தரநிலை. ஒவ்வொரு பைக்கும் இரண்டடிக்கு இரண்டடி இடம் விட்டு, கைப்பிடிச் சுவரை ஒட்டி, கீழே தூணும் உத்தரமும் ஓடும் வரிசையில் வைத்தால் அந்த வரம்புக்குள் இருப்போம். பழைய கட்டடமாக இருந்தால் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. பைகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேலோ இரும்புத் தாங்கியின் மேலோ வையுங்கள். அடியில் காற்று ஓடும். நீர் ஒழுகி நிற்காது. கீழ் வீட்டின் கூரையும் ஊறாது.

கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு போதும். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்த்தால் வேர்ப்புழுத் தொல்லை குறையும். நார்க்கட்டியை நீரில் ஊற வைத்து, இரண்டு முறை பிழிந்து அலசிய பிறகே கலக்க வேண்டும். அதில் இருக்கும் உப்பு நாற்றைக் கருக்கும். பை, நார்க்கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் அடங்கிய மாடித் தோட்டத் தளைகளைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்துவந்திருக்கிறது. கிடைத்தால் அதில் தொடங்குவது எளிது.

ஆடி: தொண்ணூற்றைந்து நாள் பந்தயம்

ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழி மாடிக்கும் பொருந்துகிறது. ஆடி முதல் தேதி ஜூலை நடுவில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. இடையில் 95 நாட்கள். ஆடியில் போடும் கொடியும் வெண்டையும் இந்த 95 நாளுக்குள் காய்த்து ஓய வேண்டும். ஆடி நடவின் கணக்கு இவ்வளவுதான்.

வெண்டை இந்தக் கணக்குக்குப் பாந்தமாகப் பொருந்துகிறது. பையில் நேரடியாக மூன்று விதை ஊன்றி, முளைத்ததும் வலுவான ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். சுமார் 45 நாளில் முதல் காய். அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தால் இன்னும் 45 நாள் காய்க்கும். பறிக்காமல் விட்ட ஒரு முற்றிய காய் செடியின் வேகத்தையே நிறுத்திவிடும். இலை நரம்புகள் மட்டும் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் அது, மருந்து இல்லை. அந்தச் செடியை அன்றே பிடுங்கி, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மற்றவற்றுக்கு நடுவே மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொங்கவிடுங்கள்.

பந்தல் காய்களான பீர்க்கு, புடலை, பாகல் மூன்றும் இரண்டு வாரம் முன்பே, ஆனிக் கடைசியில் ஊன்றப்பட வேண்டும். இவை காய்க்க 55 முதல் 60 நாள் ஆகும். ஐப்பசி மழையும் காற்றும் வரும் முன் பந்தலை இறக்கியாக வேண்டும். பந்தல் கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டியிருக்கும். நான்காவது, ஐந்தாவது மாடிக்குத் தேனீ குறைவாகவே வருகிறது. அங்கெல்லாம் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிக் கொடுக்க வேண்டும். பாகல் அதிகாலையில் மலரும். பீர்க்கு மாலையில் மலரும். நேரம் பார்த்துப் போக வேண்டும். குட்டிக் காய் மஞ்சளாகிச் சூம்பி விழுந்தால் அது மகரந்தம் சேராத காய். கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒரு பக்கம் மெத்தென்று ஆகி, உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈயின் வேலை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு: முன்னதற்கு உங்கள் விரல், பின்னதற்குக் காய்க்கு ஒரு காகித உறை.

ஆடி முதல் வாரம் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விட வேண்டும். கத்தரி நாற்று 30 முதல் 35 நாளிலும், மிளகாய் நாற்று 40 நாளிலும் நடவுக்குத் தயாராகும். இவை நீண்ட காலச் செடிகள். மழையைத் தாங்கிக்கொண்டு, மார்கழியிலிருந்து நன்றாகக் காய்க்கும்.

கொடி அவரைக்கும் விதைக்கும் மாதம் ஆடிதான், ஆனால் காரணம் வேறு. கொடி அவரை வெப்பத்தைப் பார்ப்பதில்லை, பகலின் நீளத்தைப் பார்க்கிறது. பகல் குறுகினால்தான் மொட்டு வைக்கும். சித்திரையில் போட்டால் மாதக்கணக்கில் கொடி மட்டும் ஓடும். பூ கார்த்திகை, மார்கழியில்தான் வரும். வீணாக இடத்தை அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஆடியில் போடுங்கள். பந்தல் வேண்டாம். புயல் காலத்தைக் கடக்க வேண்டிய கொடி என்பதால் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தாழ்வாகக் கம்பி கட்டி ஓட விடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: மாடியில் அடக்கம், கூரைக்கடியில் வேலை

இந்த இரண்டு மாதமும் மாடியில் புதிதாக எதையும் விதைக்க வேண்டாம். மழை அடித்தால் கீரை விதை கலைந்து போகும். முளைத்த கீரை மண்ணில் படிந்து அழுகும். பொன்னாங்கண்ணியும் கொடிப் பசலையும் மட்டும் இந்த ஈரத்தை விரும்பி வளரும். சாம்பாருக்கும் கூட்டுக்கும் இந்த இரண்டு கீரையை நம்பி இருக்கலாம்.

ஐப்பசி பிறக்கும் முன் எல்லாப் பைகளின் அடித்துளைகளையும் ஒரு குச்சியால் குத்திப் பார்த்துத் திறந்துவிடுங்கள். நீர் தேங்கிய பையை மூக்கே சொல்லும்; கலவையிலிருந்து புளித்த வாடை வரும். அடியிலைகள் மஞ்சளாகும். இலை தொங்குவதைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றினால் செடி செத்துவிடும்; வேர் மூச்சுத் திணறுவதால்தான் தொங்குகிறது. பையைச் சாய்த்து நீரை வடித்து, பக்கவாட்டில் இரண்டு துளை கூடுதலாகப் போடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலை நிழல் வலையையும் பந்தலையும் அவிழ்ப்பது. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது நகரமெங்கும் பெரிய மரங்களே வேரோடு சாய்ந்தன. மாடியில் கட்டிய வலையும் கழியும் அப்படிப்பட்ட காற்றில் பறந்து கீழே போகிறவர் மேல் விழக்கூடும். அடுத்து, பைகளைக் கைப்பிடிச் சுவரின் உள்மூலையில் நெருக்கி வைத்து ஒரே கயிற்றால் சுற்றிக் கட்டுங்கள். சுவரின் மேல் ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது. கடைசியாக, மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் உதிர்ந்த இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மாடியில் நீர் தேங்கினால் சங்கத்துக்கும் உங்களுக்கும் மனஸ்தாபம் வருவதற்கு அது ஒன்றே போதும்.

மழைக்கு நடுவே பால்கனியில் ஒரு முக்கியமான வேலை நடக்க வேண்டும். அதுதான் தக்காளி நாற்று.

தக்காளிக்கு ஒரு முழுக் கணக்கு

முதல் பூ மார்கழி முதல் தேதி, அதாவது டிசம்பர் 16 வாக்கில் மலர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நட்டதிலிருந்து பூக்கச் சுமார் 30 நாள். எனவே நடவு கார்த்திகை முதல் தேதி. நாற்றின் வயது 25 நாள். எனவே விதைக்கும் நாள் ஐப்பசி 5-ஐ ஒட்டி, அக்டோபர் 22 வாக்கில் வருகிறது. சரியாக மழை தொடங்கும் வாரம். அதனால்தான் நாற்றங்கால் கூரைக்குக் கீழே, காலை வெயில் படும் பால்கனியில் இருக்க வேண்டும்.

அடியில் துளையிட்ட ஆறு காகிதக் கோப்பைகள் போதும். நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதியாக நிரப்பி, கோப்பைக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்தில். ஐந்து முதல் ஏழு நாளில் முளைக்கும். அப்போது வரும் பெரிய ஆபத்து நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று கழுத்து மெலிந்து சாய்ந்து கிடக்கும். ஈரம் மிகுந்த மண்ணில் பூஞ்சணம் செய்யும் வேலை இது. மேலே ஊற்றாமல், கோப்பையைத் தட்டில் வைத்துத் தட்டில் நீர் ஊற்றுங்கள்; காலையில் மட்டும் ஊற்றுங்கள். கலவையில் சிறிது டிரைக்கோடெர்மா விரிடி சேர்ப்பது நல்ல காப்பு. நாற்று ஒல்லியாக, வெளிறி, நீண்டு போனால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள்.

நான்கைந்து இலை வந்ததும் மாலை நேரத்தில் நடவு. தண்டை முதல் இலை வரை மண்ணுக்குள் புதைக்கலாம். தக்காளித் தண்டு மண்ணுக்குள் வேர் விடும். பைக்கு ஒரு செடி. அன்றே ஐந்தடிக் குச்சி ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். செடி வளர வளரத் தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள். ஈரமான நகரத்தில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி வைக்கும் இலைக்கருகல், மண் தெறிக்கும் கீழ் இலையிலிருந்துதான் ஏறுகிறது.

மார்கழியில் பூத்ததும், காலை பத்து மணிக்குள் பூக்காம்பை விரலால் இரண்டு முறை தட்டிவிடுங்கள். ஒரே பூவிலேயே ஆணும் பெண்ணும் இருப்பதால் அந்த அசைவே மகரந்தத்தை உதிர்த்துச் சேர்க்கும். பூவிலிருந்து பழத்துக்கு 40 முதல் 45 நாள். எனவே தை நடுவில் முதல் பழம். மாசிக் கடைசி வரை பிடித்த காய்கள் சித்திரை நடுவுக்குள் பழுக்கும். ஒரு செடி மொத்தம் இரண்டு கிலோ கொடுத்தால் நல்ல விளைச்சல். பங்குனியில் வரும் புதுப் பூவை எதிர்பார்க்காமல் நுனியைக் கிள்ளிவிட்டால், சத்து இருக்கும் காய்களுக்குப் போகும்.

காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிவிழுந்தால் பூச்சி என்று மருந்தடிக்க வேண்டாம். ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் ஊறும் பையில் சுண்ணாம்புச் சத்து காய் வரை போய்ச் சேராததால் வரும் கோளாறு அது. தினமும் ஒரே அளவு நீர் கொடுத்தால் அடுத்த கொத்து சரியாகிவிடும். முதல் நாற்று தவறினால் இன்னொரு முறை முயலலாம்; ஆனால் கார்த்திகை 20-ஐத் தாண்டி விதைக்க வேண்டாம். அதன்பின் விதைத்தால் பூக்கும் நாள் தள்ளிப்போய், வெயில் முந்திக்கொள்ளும்.

மார்கழி, தை, மாசி: வேர்களின் காலம்

மழை ஓய்ந்ததும் எல்லாப் பைக்கும் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். இரண்டு மாத மழை சத்தையெல்லாம் அடித்துளை வழியே கொண்டுபோயிருக்கும்.

முள்ளங்கியும் பீட்ரூட்டும் கொத்தமல்லியும் கார்த்திகைக் கடைசி முதல் தை வரை விதைக்கலாம். முள்ளங்கியை நாற்று விட்டு நடக்கூடாது. பையிலேயே விதைத்து, நான்கு விரற்கடை இடைவெளிக்கு ஒன்று என்று கலைத்துவிட வேண்டும். 45 நாளில் பிடுங்கலாம். மாசிக்குப் பிறகு போட்டால் இலை மட்டும் செழிக்கும். கிழங்கு சக்கையாகிக் காரமேறும். கொத்தமல்லி விதையைத் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவ வேண்டும். வெயில் ஏறினால் அது உடனே பூத்துவிடும் என்பதால், பத்து நாளுக்கு ஒரு தடவை கொஞ்சமாகத் தூவி, தை முடிவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தை மாதம் இரண்டாவது முறை பந்தல் காய் ஊன்றும் காலமும் கூட. இதைத் தள்ளிப்போடக் கூடாது. வெயில் ஏற ஏறக் கொடிகளில் ஆண் பூக்கள் பெருகி, பெண் பூக்கள் குறையும். தையில் ஊன்றிய பீர்க்கும் பாகலும் பங்குனிப் பிறப்புக்கே காய்க்கத் தொடங்கிவிடும். பங்குனியில் ஊன்றியவை பூவாகவே கொட்டும்.

பங்குனி முதல் ஆனி வரை: வெயிலோடு வாழ்வது

இந்த நான்கு மாதத்தில் காய்க்கத் துணியும் செடிகள் சில உண்டு. கொத்தவரை அவற்றில் முதன்மையானது. மாசியில் ஊன்றினால் பங்குனிக் கடைசியிலிருந்து காய் கிடைக்கும். மூன்று மாதப் பயிர். கத்தரி, ஆடி நாற்றிலிருந்து வந்தது, பங்குனியில் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுக் கிளை விட்டு மறுபடி காய்க்கும். தண்டுக்கீரை, புளிச்சக்கீரை, கொடிப் பசலை மூன்றும் வெயிலைத் தாங்கும். சிறுகீரை, அரைக்கீரைக்கு மட்டும் 50 சதவீத நிழல் வலை போடுங்கள்.

தண்ணீர்தான் இங்கே எல்லாம். பெரிய பை ஒன்று சித்திரையில் நாளுக்கு மூன்று நான்கு லிட்டர் குடிக்கும். காலை ஏழு மணிக்குள் ஒரு முறை, வெயில் சாய்ந்தபின் ஒரு முறை, செடியின் அடியில் மட்டும் ஊற்றுங்கள். மாடிக் குழாயில் தேங்கிய நீர் பகலில் கொதிநீராக இருக்கும். முதல் நீரை வாளியில் பிடித்து ஆற வைத்த பிறகே ஊற்ற வேண்டும். மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த சருகோ தேங்காய் மட்டைத் துண்டோ பரப்பினால் ஈரம் நிற்கும்.

பிற்பகல் இரண்டு மணிக்கு இலை தொங்குவது கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை, மாலையில் நிமிர்ந்துவிடும். காலை ஏழு மணிக்கே தொங்கினால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தால் வேரழுகல். இந்த ஒரு சோதனை பல செடிகளைக் காப்பாற்றும்.

நீரின் தன்மையையும் பார்க்க வேண்டும். பல குடியிருப்புகளில் கோடையில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர்தான். பையின் ஓரத்தில் வெள்ளைப் படிவு, இலை விளிம்பில் பழுப்புக் கருகல், இரண்டும் சேர்ந்து தெரிந்தால் உப்பு ஏறிவிட்டது. குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீர் இதைவிட உப்பானது; செடிக்குத் தொடர்ந்து ஊற்றக் கூடாது. ஏசியிலிருந்து சொட்டும் நீரோ ஏறக்குறைய உப்பே இல்லாதது. காற்றில் ஈரம் மிகுந்த சென்னையில் ஒரு படுக்கையறை ஏசி ஓர் இரவில் ஒரு சிறு வாளியை நிரப்பிவிடும். அதைக் கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஈரப்பதம் நமக்குத் திருப்பிக் கொடுக்கும் நல்ல நீர் அது.

இந்தக் காலத்துப் பூச்சி மாவுப்பூச்சி. தண்டின் கணுவில் வெள்ளைப் பஞ்சு தெரிந்ததும், முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

கத்திரி வெயில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை நீடிக்கும். அந்த வெயிலை வேலை வாங்கலாம். காலியான பைகளின் கலவையை ஒரு தார்ப்பாயில் கொட்டி, லேசாக நனைத்து, அரையடி உயரத்துக்குப் பரப்பி, நிறமில்லாத பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களில் செங்கல் வையுங்கள். நான்கு வாரம் அப்படியே இருக்கட்டும். நிறமில்லாத தாள் வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வேர்முடிச்சு நூற்புழுவும் அழுகல் பூஞ்சணமும் பெரும்பாலும் மடிந்துவிடும். நல்ல நுண்ணுயிர்களும் சேர்ந்து குறையும் என்பதால், பிறகு நான்கில் ஒரு பங்கு புதிய தொழு உரமும், மண்புழு உரத்தில் கலந்த டிரைக்கோடெர்மா விரிடியும் சேர்த்து, ஆடி வரை நிழலில் வையுங்கள்.

பன்னிரண்டு பைக்கு ஓர் ஆண்டுத் திட்டம்

நான்கு பேர் கொண்ட குடும்பம், பன்னிரண்டு பை என்று வைத்துக்கொண்டு, அவற்றை மும்மூன்றாகப் பிரிப்போம்.

முதல் மூன்று: ஆடியில் வெண்டை, கார்த்திகையில் தக்காளி, சித்திரையில் மண்ணுக்கு ஓய்வு.

இரண்டாம் மூன்று: இரண்டு பையில் ஆனிக் கடைசியில் பீர்க்கும் பாகலும், கார்த்திகைக் கடைசியில் முள்ளங்கி, மாசியில் கொத்தவரை. மூன்றாவது பையில் ஆடி முதல் மாசி வரை கொடி அவரை, அதன்பின் தண்டுக்கீரை.

மூன்றாம் மூன்று: இரண்டு கத்தரி, ஒரு மிளகாய். ஆவணியில் நட்டு, சித்திரை வரை.

நான்காம் மூன்று: இரண்டில் ஆண்டு முழுவதும் கீரை. ஒன்றில் வைகாசிக் கடைசியில் மஞ்சள் கிழங்கு நட்டால், பொங்கல் பானையில் கட்ட உங்கள் மாடியிலேயே மஞ்சள் கொத்து இருக்கும். பிறகு அதில் கொத்தமல்லி.

தக்காளியும் கத்தரியும் மிளகாயும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றும். அதனால் அடுத்த ஆண்டு தக்காளி இரண்டாம் தொகுதிக்கும், கத்தரியும் மிளகாயும் நான்காம் தொகுதிக்கும் போகட்டும். பந்தல் காய் முதல் தொகுதிக்கும் கீரை மூன்றாம் தொகுதிக்கும் வரட்டும்.

விதைக்கும் மாதங்கள், சுருக்கமாக

ஆனி: கடைசி வாரம் பீர்க்கு, புடலை, பாகல்.
ஆடி: வெண்டை, கொடி அவரை, கத்தரி, மிளகாய் நாற்று.
ஆவணி: கத்தரி, மிளகாய் நடவு, கீரைகள்.
புரட்டாசி: கீரை கடைசி விதைப்பு, மாதக் கடைசியில் வலை இறக்கம்.
ஐப்பசி: பால்கனியில் தக்காளி நாற்று. பந்தல் இறக்கம்.
கார்த்திகை: தக்காளி நடவு; மாதக் கடைசியில் முள்ளங்கி, பீட்ரூட்.
மார்கழி: முள்ளங்கி, கொத்தமல்லி, எல்லாக் கீரையும்.
தை: இரண்டாம் முறை பந்தல் காய், கொத்தமல்லி கடைசி விதைப்பு.
மாசி: கொத்தவரை.
பங்குனி: தண்டுக்கீரை, புளிச்சக்கீரை, கத்தரிக் கவாத்து.
சித்திரை: நிழல் வலைக்குள் கீரை; மண்ணுக்கு வெயில் வைத்தியம்.
வைகாசி: மாதக் கடைசியில் மஞ்சள்.

இந்தப் பட்டியல் சென்னை நகருக்கானது. உங்கள் மாடிக்கு அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கட்டடம் பிற்பகல் வெயிலை மறைக்கிற மாடியும், கடற்காற்று நேராக அடிக்கிற மாடியும் ஒரே நாளில் பூப்பதில்லை. ஒவ்வொரு பைக்கும் மூன்று தேதிகளை எழுதி வையுங்கள்: விதைத்தது, முதல் பூ பூத்தது, முதல் காய் பறித்தது. தக்காளி உங்கள் மாடியில் 55 நாளில் பூக்காமல் 62 நாளில் பூத்தால், அடுத்த ஐப்பசியில் ஒரு வாரம் முன்னதாக விதைக்க வேண்டும் என்று அந்த எழுத்தே சொல்லிவிடும்.